கூடுதலாக வந்த 2,310 ரூபாய்

2025 ஜூன் மாதக் கடைசியில் வந்த பென்ஷன், டீச்சர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். டீச்சருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

திருமங்கலத்தில் உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். பக்கத்து மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். 2010 மே 31 அன்று பணி ஓய்வு. இப்போது வயது 73. வந்த பென்ஷனை ஒவ்வொரு மாதமும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைப்பது ஆரம்பத்திலிருந்தே பழக்கம். மருமகள்கூட கிண்டல் செய்வாள், "அத்தை, பேங்குல பாஸ்புக் எதுக்குக் குடுக்குறாங்க?" என்று.

அந்த ஜூன் மாதம் ஓய்வூதியம் கூடும் என்பது டீச்சருக்குத் தெரியும். பதினைந்து ஆண்டாகக் காத்திருந்த மாதம் அது. ஓய்வு பெறும்போது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை அரசுக்கு விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொள்ளலாம். அலுவலக மொழியில் ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல். எல்லோரும் சொல்வது கம்யூட்டேஷன். மகள் கல்யாணம், வீட்டுக்கடன் என்று அந்தப் பணத்துக்குச் செலவு தயாராக நிற்கும். டீச்சரும் வாங்கினார். விட்டுக்கொடுத்த பங்கு பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் பென்ஷனில் சேர்ந்துவிடும்.

டீச்சரின் கணக்கு இது. 2010இல் முழு ஓய்வூதியம் 12,600 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கான 4,200 ரூபாயைத் தொகுத்துப் பெற்றார். கைக்கு வந்த அடிப்படை 8,400. பிறகு 2017 அக்டோபரில் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஓய்வூதியத்தைத் திருத்தியது. பழைய முழு ஓய்வூதியத்தை 2.57ஆல் பெருக்க வேண்டும் என்பது விதி. 12,600 ரூபாய் 32,382 ஆனது. ஆனால் பிடித்தம் மட்டும் பழைய 4,200 ரூபாயாகவே நின்றது. நியாயம்தான். அவர் மொத்தமாக வாங்கிய தொகை பழைய பென்ஷனை வைத்துக் கணக்கிட்டது, அதை யாரும் 2.57ஆல் பெருக்கவில்லையே. ஆக, பிடித்தம் போக 28,182 ரூபாய்.

2025 ஜூனில் அந்த 4,200 ரூபாய் திரும்ப வர வேண்டும். 28,182 மறுபடி 32,382 ஆகும். மற்றபடி எதுவும் மாறக் கூடாது.

ஆனால் மே மாதத்தைவிட ஜூனில் 6,510 ரூபாய் கூட வந்திருந்தது. 4,200 போக மிச்சம் 2,310. இது எங்கிருந்து வந்தது?

அந்த நேரத்தில் அகவிலைப்படி 55 சதவீதம். 4,200 ரூபாய்க்கு 55 சதவீதம் போட்டால் சரியாக 2,310. ராத்திரி பதினொரு மணிக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது டீச்சருக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அவருக்குத் தெரிந்த விதிப்படி இந்த 2,310 வரவே கூடாது.

அகவிலைப்படி எப்போதும் முழு ஓய்வூதியத்துக்குத்தான் கணக்கிடப்படும். பிடித்தம் போக மிஞ்சியதற்கு அல்ல. பென்ஷனில் ஒரு பங்கை விற்றுவிட்டாலும் விலைவாசிக்கான படி முழுசுக்கும் உண்டு. அப்படியானால் பதினைந்து ஆண்டும் டீச்சருக்கு முழுத் தொகைக்குத்தான் அகவிலைப்படி வந்திருக்க வேண்டும். விட்ட பங்கு திரும்பி வரும்போது அகவிலைப்படியில் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. ஏறியிருக்கிறது என்றால் இந்த மாதம் தப்பாகக் கூடப் போட்டுவிட்டார்கள், பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள். டீச்சர் அப்படித்தான் முதலில் நினைத்தார்.

"வந்ததை வச்சுக்குவோம் அத்தை. எதுக்கு நாமளே போய்ச் சொல்லணும்?" என்றாள் மருமகள்.

அதிகமாக வந்த பணத்தைத் திரும்பப் பிடிப்பது பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பயம். அதற்குச் சட்டத்தில் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது. கேரளத்தில் தாமஸ் டேனியல் என்ற பள்ளி ஆசிரியர் 1999இல் ஓய்வு பெற்றார். பணிக்காலத்தில் துறையே விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு அதிகமாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்டது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் ஏமாற்றவும் இல்லை, தகவலை மறைக்கவும் இல்லை, எனவே வசூலிக்கக் கூடாது என்று 2022 மே 2 அன்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே 2014இல் ரஃபீக் மாசி வழக்கில், ஓய்வு பெற்றவர்களிடம் இப்படி வசூலிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும். 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அப்படித்தான் முடிவானது. பென்ஷன் வாங்கும்போது எந்தெந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது?

டீச்சர் கோர்ட்டை நம்பி உட்காரவில்லை. நோட்டை எடுத்தார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஜூனில் வந்த அகவிலைப்படி 17,810 ரூபாய். அதை 0.55ஆல் வகுத்தால் 32,382 வருகிறது. முழு ஓய்வூதியம். அதாவது ஜூன் கணக்கு சரி! அப்படியானால் தவறு அதற்கு முன்னால் இருக்க வேண்டும். மே மாதச் சீட்டை மகன் களஞ்சியம் செயலியில் எடுத்துக் கொடுத்தான். அகவிலைப்படி 15,500. அதை 0.55ஆல் வகுத்தால் 28,182.

அது பிடித்தம் போக மிஞ்சிய தொகை. மே வரைக்கும் அகவிலைப்படியை முழு ஓய்வூதியத்துக்குப் போடாமல், குறைத்த ஓய்வூதியத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அதிகம் வந்துவிட்டதோ என்று பயந்த டீச்சருக்கு இத்தனை நாள் குறைவாகத்தான் வந்திருக்கிறது.

எத்தனை நாளாக? அதைக் கண்டுபிடிக்க நோட்டு உதவியது. பாஸ்புக்கில் கையில் வந்த மொத்தத் தொகைதான் இருக்கும். மருத்துவப்படி சேர்ந்து, காப்பீட்டுப் பிடித்தம் கழிந்து வரும் தொகை அது. டீச்சரின் நோட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. பின்னோக்கி ஒவ்வொரு மாதமாக அகவிலைப்படியைச் சதவீதத்தால் வகுத்துக்கொண்டே போனார். 2024, 2023, 2022 என்று எல்லா மாதமும் 28,182தான் வந்தது. 2021 டிசம்பரில் நின்றது. அந்த மாத அகவிலைப்படி 17 சதவீதம், 5,505 ரூபாய். வகுத்தால் 32,382. அதுவரை சரியாக இருந்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து தப்பு.

ஏன் அப்போது கண்ணில் படவில்லை என்பதுதான் சுவாரசியம். கொரோனாக் காலத்தில் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2019 ஜூலையிலிருந்து 17 சதவீதத்திலேயே நின்றது. 2022 ஜனவரியில் ஒரேயடியாக 31 சதவீதம் ஆனது. டீச்சருக்கு அந்த மாதம் 3,231 ரூபாய் கூட வந்தது. இவ்வளவு நாள் கழித்து ஏறியிருக்கிறதே என்று வீட்டில் அல்வா வாங்கிச் சாப்பிட்டார்கள். உண்மையில் 32,382க்கு 14 சதவீத உயர்வு என்றால் 4,533 ரூபாய் ஏறியிருக்க வேண்டும். குறைந்த 1,302 ரூபாய், ஏறிய பணத்துக்குள் ஒளிந்துகொண்டது. பென்ஷன் ஒரு மாதம் குறைந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ஏறும்போதுதான் யாரும் சரிபார்ப்பதில்லை.

நிலுவை எவ்வளவு என்று போடுவது கணக்கு டீச்சருக்குச் சின்ன வேலை. ஒவ்வொரு மாதமும் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று 41 மாதத்துக்கு எழுத வேண்டியதில்லை. விடுபட்டது எப்போதுமே 4,200 ரூபாய்க்கான அகவிலைப்படிதான். சதவீதத்தை மாதத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். 2022இல் முதல் ஆறு மாதம் 31 சதவீதம், அடுத்த ஆறு மாதம் 34. 2023 ஜனவரியிலிருந்து மூன்று மாதம் 38, ஏப்ரலிலிருந்து மூன்று மாதம் 42, ஜூலையிலிருந்து ஆறு மாதம் 46. 2024இல் முதல் பாதி 50, இரண்டாம் பாதி 53. 2025 ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் 55. பெருக்கிக் கூட்டினால் 1,799. ஒரு சதவீதம் என்பது 42 ரூபாய். 1,799ஐ 42ஆல் பெருக்கினால் 75,558 ரூபாய்.

ஒன்றரை மாத பென்ஷன். மகன் பைக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான். டீச்சருக்கு ஒரு கண்ணில் புரை அறுவை செய்தாகிவிட்டது, இன்னொரு கண் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. வேண்டாம் என்று விடுகிற தொகை இல்லை.

மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் தமிழய்யாவைப் பார்க்கப் போனார். டீச்சரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர், 2013இல் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியர் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: "டீச்சர், இழுத்தடிச்சா கோர்ட்டுக்குப் போகலாம்னு நெனைக்காதீங்க. அங்க போனா மூணு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பென்ஷன் குறைவாக வருவது மாதா மாதம் தொடர்கிற தவறு. அதனால் எத்தனை ஆண்டு கழித்தும் வழக்குப் போடலாம். ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படித் தாமதமாக வருகிறவர்களுக்கு நிலுவையை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தியது. நீதிமன்றங்கள் அதைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. டீச்சருக்கு விடுபட்டது 41 மாதம். 2025 ஜூலையில் வழக்குப் போட்டாலும் 2022இன் முதல் ஆறு மாதத்துக்கான 7,812 ரூபாய் கைவிட்டுப் போய்விடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்பக்கம் ஒரு மாதம் உதிரும். அலுவலகமே தன் தவறைத் திருத்தினால்தான் முழுசும் கிடைக்கும்.

"உங்க சீட்டைக் காட்டுங்க சார்" என்றார் டீச்சர்.

தமிழய்யாவின் முழு ஓய்வூதியம் 38,550 ரூபாய். 5,000 ரூபாய் தொகுத்துப் பெற்றது போக 33,550. டீச்சர் அவருடைய அகவிலைப்படியை 0.55ஆல் வகுத்தார். 33,550 வந்தது. தமிழய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு மாதம் 2,750 ரூபாய் குறைகிறது. டீச்சருக்காவது பதினைந்து ஆண்டு முடிந்து கணக்கு ஒரு குதி குதித்ததால் தெரிந்தது. தமிழய்யாவுக்கு 2028இல்தான் பதினைந்து ஆண்டு முடிகிறது. அதுவரை சீட்டில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

இருவரும் பஸ் பிடித்துக் கருவூலத்துக்குப் போனார்கள். டீச்சரின் மனு ஒரே பக்கம். கூடவே பி.பி.ஓ. புத்தகத்தில் முழு ஓய்வூதியமும் தொகுத்த தொகையும் எழுதியிருக்கும் பக்கத்தின் நகல், 2021 டிசம்பர், 2022 ஜனவரி சீட்டுகள், நிலுவைக் கணக்கு. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டார். பலர் விட்டுவிடுவது இதைத்தான். நாளைக்கு எப்போது கேட்டீர்கள் என்று கேள்வி வந்தால் காட்ட வேறு ஒன்றும் இருக்காது.

கணக்கர் சின்னப் பெண். பொறுமையாகத் திரையைத் திறந்து பார்த்தார். பழைய பதிவில் அடிப்படை ஓய்வூதியம் என்ற கட்டத்தில் 28,182 இருந்தது. தொகுப்புப் பிடித்தம் என்ற கட்டத்தில் பூஜ்யம். விஷயம் விளங்கிவிட்டது. விவரங்களைப் புதிய கணினிப் பதிவுக்கு மாற்றியபோது, முழுத் தொகையையும் பிடித்தத்தையும் தனித்தனியாக ஏற்றாமல், மிஞ்சியதை மட்டும் ஒரே கட்டத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கையில் வரும் அடிப்படைத் தொகை இரண்டு விதத்திலும் ஒன்றுதான் என்பதால் ஏற்றியவருக்கும் தப்பு தெரிந்திருக்காது. இயந்திரம் அந்தக் கட்டத்தில் இருந்ததற்கு அகவிலைப்படி போட்டுக்கொண்டே வந்தது. ஜூனில் பிடித்தத்தை நிறுத்தும்போது யாரோ பி.பி.ஓ.வைப் பார்த்து 32,382 என்று முழுத் தொகையை ஏற்ற, தானாகச் சரியாகிவிட்டது. சரியானது அந்த மாதத்திலிருந்து மட்டும்தான். பழையதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் ஸ்டேட்மெண்ட் போட்டு அனுப்புறேன்மா" என்றார் கணக்கர்.

செப்டம்பரில் ஸ்டேட்மெண்ட் தயாராகிவிட்டதாகப் போன் வந்தது. "75,054 ரூபாய் டீச்சர். ஓகேவா?"

"என் கணக்குல 75,558ம்மா. 504 குறையுது."

"ரவுண்டிங்ல வந்திருக்கும் டீச்சர்."

முழு ரூபாயாக்குவதில் மாதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. 41 மாதத்துக்கு எப்படி 504 வரும்? டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டே நோட்டின் ஓரத்தில் 504ஐ 42ஆல் வகுத்தார். 12. அதாவது பன்னிரண்டு சதவீத-மாதம் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. நாலு சதவீதம் மூன்று மாதம் என்றால் பன்னிரண்டு. 41 மாதத்தில் மூன்று மாதக் கூறு இரண்டே இரண்டுதான் வருகிறது.

"2023 ஏப்ரல், மே, ஜூனுக்கு எத்தனை சதவீதம் போட்டிருக்கீங்க, பாருங்கம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "38 டீச்சர்."

"42."

அந்தப் பெண்ணின் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அகவிலைப்படி வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும்தான் மாறும். ஸ்டேட்மெண்டை அரையாண்டு அரையாண்டாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். 2023இல் மட்டும் தமிழ்நாட்டில் 42 சதவீதம் ஏப்ரல் 1 முதல் என்று ஆணை வந்தது. மத்திய அரசில் அதே 42 சதவீதம் அந்த ஆண்டு ஜனவரி முதலே உண்டு. தேதியை மத்திய அரசுப் பட்டியலிலிருந்து எடுத்தால் கூட வரும், அரையாண்டு வழக்கத்தை நம்பினால் குறைய வரும். எந்த அரசின் பென்ஷனோ, அந்த அரசின் ஆணையைத்தான் பார்க்க வேண்டும்.

"ஐந்நூறு ரூபாதான டீச்சர், இதுக்குத் திரும்பவும் பில் மாத்தணும்" என்றார் கணக்கர், தயங்கித் தயங்கி.

"எனக்கு ஐந்நூறும்மா. இதே ஃபார்முலாவைத்தான நீங்க தமிழய்யாவுக்கும் போடப் போறீங்க? அவருக்கு 600. இன்னும் எத்தனை பேரு இருக்காங்களோ."

எத்தனை பேர் என்பது அப்போது கணக்கருக்கும் தெரியாது. டீச்சர் ஒரு வழி சொன்னார். புதிய பதிவுக்கு மாறியபோது ஏற்றிய பெயர்களில் பிடித்தக் கட்டம் பூஜ்யமாக இருப்பவர்களை மட்டும் எடுக்க வேண்டும். அதில் ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டு ஆகாதவர்களைப் பிரிக்க வேண்டும். கம்யூட்டேஷனே வாங்காதவர்களுக்கும் பூஜ்யம்தான் இருக்கும் என்பதால் பி.பி.ஓ.வோடு ஒப்பிட்டால்தான் முடிவு தெரியும். கணக்கர் எழுதிக்கொண்டார்.

அக்டோபரில் டீச்சரின் கணக்கில் 75,558 ரூபாய் வரவானது. நோட்டில் அதற்கு ஒரு தனிப்பக்கம். இன்னொரு கண்ணுக்கு மதுரையில் தேதி வாங்கியாகிவிட்டது.

தமிழய்யாவின் மாத ஓய்வூதியம் சரியாகிவிட்டது, நிலுவை பில் இன்னும் கருவூலத்தில் இருக்கிறது. தினமும் காலையில் பேப்பர் வாங்கப் போகும்போது டீச்சர் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்கிறார், "எனக்கு எவ்வளவு வரணும்னு சொன்னீங்க?"

டீச்சர் நோட்டைப் பார்க்காமலே சொல்கிறார்.